கேஓடி அடிச்ச பிறகு டேபிள் மாறுது, பில் பிரியுது, ஐட்டம் கேன்சல் ஆகுது: கணக்கு எப்படி நேராகும்?

ஈரோடு_பில்லர்

எல்லாருக்கும் வணக்கமுங்க. எங்க மாமா ஈரோட்டுல ரெண்டு மாடி நான்வெஜ் ஹோட்டல் வெச்சிருக்காரு, கீழ நான் ஏசி, மேல ஏசி. பில்லிங் சாஃப்ட்வேர் நான் எழுதிக் கொடுத்தது. சாதாரணமா ஓடும்போது ஒரு பிரச்சனையும் இல்ல, ஆனா மூணு விஷயம் நடந்தா ராத்திரி கணக்கு நேராக மாட்டேங்குது. கஸ்டமர் கீழ ஆர்டர் கொடுத்துட்டு மேல ஏசிக்கு போறது, நாலு ஃப்ரெண்ட்ஸ் வந்து தனித்தனி பில் கேக்கறது, அப்புறம் சமைக்க ஆரம்பிச்ச பிறகு வேண்டாம்னு சொல்றது.

இப்போ என் சாஃப்ட்வேர்ல டேபிள் மாத்தினா கேஓடில, அதாவது கிச்சனுக்கு போற ஆர்டர் சீட்டுல, இருக்கற டேபிள் நம்பரை மாத்திடுவேன், கேன்சல் பண்ணா அந்த வரியையே டெலீட் பண்ணிடுவேன். நேத்து ராத்திரி பாத்தா கிச்சன்ல கம்பில குத்தி வெச்ச சீட்டுப்படி வஞ்சிரம் வறுவல் 11, ஃப்ரீசர்ல இருந்து குறைஞ்சதும் 11 பீஸ், பில்லுல 9 தான் இருக்கு. மாமா நேரா ஆர்டர் எடுக்கற கேப்டனை சந்தேகப்படுறாரு. அவரு நல்ல மனுஷன், அவரு எடுத்திருக்க மாட்டாருன்னு எனக்கு தோணுது, ஆனா காட்டறதுக்கு என்கிட்ட ஒண்ணும் இல்ல. உங்க கடைல இதை எப்படி வெச்சிருக்கீங்க?

மெஸ்_அக்கா_திருச்சி

தம்பி நாங்க டோக்கன் முறை, முதல்லயே காசு வாங்கிடுவோம், டோக்கன் கொடுத்தா தான் தட்டு. அதனால கேன்சல்ங்கற பேச்சே இல்ல. நீயும் அப்படி மாத்திக்க, ஒரு தொல்லையும் இல்ல.

ஈரோடு_பில்லர்

அக்கா, மெஸ்ஸுக்கு அது சரி வரும். எங்களுக்கு ஃபேமிலி வந்து உக்காந்து ஒரு மணி நேரம் ஒவ்வொண்ணா சொல்லுவாங்க, முதல்லயே காசு கேட்டா எழுந்து போயிடுவாங்க.

கோவை_டெவ்

ப்ரோ இது சிம்பிள். டெலீட் பண்ணாம `is_cancelled` னு ஒரு ஃப்ளாக் ஃபீல்டு வெச்சு `1` போட்டுடுங்க. பில் எடுக்கும்போது அதை விட்டுட்டு எடுங்க. அவ்ளோ தான். டேபிள் மாத்தறதுக்கு நீங்க பண்றதே சரி தான், அப்டேட் போதும்.

பிஓஎஸ்_அண்ணே

கோவை தம்பி சொல்றது பாதி சரி, டெலீட் பண்ணக்கூடாதுங்கறது. ஆனா கொடி போட்டா மட்டும் போதாது. ரெண்டு பரோட்டால ஒண்ணை மட்டும் கேன்சல் பண்ணா எந்த வரிக்கு கொடி போடுவீங்க? அப்போ குவான்டிட்டியை 2-லிருந்து 1-ஆ மாத்துவீங்க, மாத்தின உடனே பழசு போயிடும். கிச்சன்ல கைல இருக்கற சீட்டுல 2 னு இருக்கும், சிஸ்டத்துல 1 னு இருக்கும், யாரு எப்போ மாத்தினான்னு தெரியாது.

நான் பில்லிங் மெஷின் சப்போர்ட்டுல ரொம்ப வருஷமா ஊர் ஊரா கடை பாத்திருக்கேன், கணக்கு நேரா நிக்கற கடைல எல்லாம் ஒரு விஷயம் ஒண்ணா இருக்கும். கிச்சனுக்கு ஒரு தடவை அடிச்ச கேஓடியை யாரும் தொட மாட்டாங்க. அதுக்கப்புறம் என்ன நடந்தாலும் புதுசா ஒரு வரி எழுதுவாங்க, அந்த வரி பழைய வரியை கை காட்டும். கேன்சல்னா மைனஸ் 1. வேற டேபிளுக்கு ஒரு ஐட்டம் போச்சுன்னா இங்க மைனஸ் 1, அங்க பிளஸ் 1. வங்கி பாஸ்புக்குல தப்பா வந்த வரவை அழிக்க மாட்டான்ல, எதிர் என்ட்ரி போடுவான், அதே தான்.

ரெண்டாவது, கேஓடியை டேபிள் நம்பரோட கட்டாதீங்க. டேபிள்ங்கறது இடம், அவ்ளோ தான். 7-ம் நம்பர்ல மத்தியானத்துல இருந்து ராத்திரி வரை எத்தனையோ குடும்பம் உக்காரும். ஒரு குடும்பம் வந்து உக்காந்ததுல இருந்து காசு கொடுத்து எழுந்திரிக்கற வரை ஒரு செஷன், அதுக்கு ஒரு நம்பர், கேஓடி எல்லாம் அந்த செஷன்ல சேரட்டும். டேபிள் மாறினா செஷனோட டேபிள் மட்டும் மாறும், எப்போ யாரு மாத்தினான்னு தனியா ஒரு வரி பதிவாகட்டும்.

```sql
CREATE TABLE kot_line (
  id         INTEGER PRIMARY KEY,
  kot_no     INTEGER NOT NULL,
  session_id INTEGER NOT NULL,
  item_id    INTEGER NOT NULL,
  qty        INTEGER NOT NULL,
  rate       NUMERIC NOT NULL,
  kind       TEXT NOT NULL, -- NEW, VOID_RAW, VOID_COOKED, MOVE
  ref_line   INTEGER REFERENCES kot_line(id),
  reason     TEXT,
  user_id    INTEGER NOT NULL,
  at         TEXT NOT NULL
);
```

இதுல `kind` தான் முக்கியம். கேன்சல்ல ரெண்டு விதம் இருக்கு. அடுப்புல ஏறாத கேன்சல் `VOID_RAW`, ஏறின பிறகு கேன்சல் `VOID_COOKED`. ரெண்டுமே பில்லுல இருந்து கழியும், ஆனா ஃப்ரீசருக்கு திரும்பி வர்றது முதல் வகை மட்டும் தான். உங்க மாமா கடைல 11-க்கும் 9-க்கும் நடுவுல தொலைஞ்சது இந்த இடத்துல தான் இருக்கும்.

ஜிஎஸ்டி_குரு

எல்லாரும் ஒண்ணை மறந்துட்டீங்க. கேன்சல் பண்ணா கிரெடிட் நோட் போடணும், இல்லேன்னா பிரச்சனை வரும். அதோட சமைச்சு வீணா போன பொருளுக்கு, வாங்கும்போது கட்டின வரியை கழிச்சு எடுத்த ஐடிசியை ரிவர்ஸ் பண்ணணும். மேல ஏசிக்கு மாத்தினா வரியும் மாறும், நான் ஏசி 12%, ஏசி 18%. அதனால கீழ இருந்து மேல போனா ஐட்டத்தை புதுசா அடிக்கறது தான் சரி.

பிஓஎஸ்_அண்ணே

குரு சார், கோவிச்சுக்காதீங்க, அந்த 12, 18 எல்லாம் 2017 ஜூலைல ஜிஎஸ்டி வந்தப்போ இருந்தது. அந்த வருஷம் நவம்பர் 15-லிருந்து ஏசியோ நான் ஏசியோ தனி ரெஸ்டாரன்ட்டுக்கு 5% தான், ஐடிசி கிடையாது. 18%-ங்கறது அறை வாடகை 7,500 ரூபாய்க்கு மேல இருக்கற பெரிய ஹோட்டலுக்குள்ள இருக்கற ரெஸ்டாரன்ட் விஷயம். ஈரோட்டுத் தம்பி ஐடிசியே எடுக்கறதில்ல, அப்புறம் ரிவர்ஸ் பண்ண என்ன இருக்கு?

கிரெடிட் நோட்டும் அப்படித் தான். கேஓடி வரி பில் இல்ல, அது கிச்சனுக்கு போற சீட்டு. பில் அடிக்கறதுக்கு முன்னாடி ஐட்டம் கேன்சல் ஆனா ஜிஎஸ்டிக்கும் அதுக்கும் சம்பந்தமே இல்ல. பில் அடிச்சு கொடுத்த பிறகு தான் நீங்க சொல்றது வரும். அப்போ பில் நம்பரை அழிக்கவும் கூடாது, அதே நம்பர்ல வேற பில் அடிக்கவும் கூடாது, நம்பர் வரிசையா போகணும். ஜிஎஸ்டிஆர் 1 ரிட்டர்ன்ல 13-வது அட்டவணைல எத்தனை பில் போட்டீங்க, அதுல எத்தனை கேன்சல்னு கேக்கறான், அதுக்கு கேன்சல் ஆன பில்லும் சிஸ்டத்துல இருக்கணும்.

ஜிஎஸ்டி_குரு

நான் சொன்னது பில் ஆன பிறகு நடக்கறதை வெச்சு. ரேட் மாறினது சரி, ஒத்துக்கறேன். ஆனா நடைமுறைல கடைக்காரங்க பில் அடிச்ச பிறகு தான் நிறைய கேன்சல் பண்றாங்க, அதை யாரும் பேச மாட்டேங்கறீங்க.

பிஓஎஸ்_அண்ணே

அது நல்ல பாயின்ட், அதுக்கு வர்றேன்.

அடுப்படி

நான் கிச்சன்ல நிக்கறவன், அதனால எங்க பக்கம் சொல்றேன். நீங்க எல்லாரும் கம்ப்யூட்டர்ல எப்படி எழுதறதுன்னு பேசறீங்க, எங்களுக்கு சீட்டு வந்தா தான் தெரியும். டேபிள் மாத்தினதை கேப்டன் மெஷின்ல தட்டிட்டு போயிடுவாரு. என் கைல இருக்கற சீட்டுல டேபிள் 7 னு தான் இருக்கும், சாப்பாடு ரெடியானதும் சப்ளையர் பையன் 7-க்கு தூக்கிட்டு போவான், அங்க வேற ஆளு உக்காந்திருப்பாரு, சில நேரம் அவரு சாப்பிட்டும் விடுவாரு. அதனால டேபிள் மாறின உடனே எங்க பிரின்டர்ல ஒரு சின்ன சீட்டு வரணும், பழைய கேஓடி நம்பரோட, பெருசா "7 இல்ல, 21" னு. வந்தா அதை பழைய சீட்டோட சேத்து குத்திடுவேன்.

கேன்சலும் அதே மாதிரி. வாயால சொன்னா கணக்கில்ல. புகைப்போக்கி சத்தம், தோசைக்கல் சத்தம், பையன் எட்டி நின்னு "அண்ணே வஞ்சிரம் வேண்டாமாம்"னு கத்திட்டு போவான், எந்த டேபிள் வஞ்சிரம்? ஒரே நேரத்துல மூணு கல்லுல இருக்கும். எங்க கடைல ரெண்டு கலர் ரிப்பன் போட்ட டாட் மேட்ரிக்ஸ் பிரின்டர், கேன்சல்னா சிவப்பு எழுத்துல வரும், கண்ணுல பட்டுடும். சூடு பட்டா கறுத்துப் போற பேப்பர் பிரின்டரை அடுப்பு பக்கத்துல வெக்காதீங்க, மத்தியான கூட்டம் முடியறதுக்குள்ள சீட்டு முழுக்க கறுப்பாயிடும், அப்புறம் ராத்திரி எதை எண்ணுவீங்க?

மாடி_கேப்டன்

அடுப்படி அண்ணன் சொன்னது நூத்துக்கு நூறு. நானும் கேப்டன் தான், எங்க பக்கமும் ஒண்ணு சொல்லணும். கேன்சல் கேட்ட உடனே மெஷின்ல தட்ட முடியாது, மேனேஜர் பாஸ்வேர்ட் கேக்கும், மேனேஜர் கல்லால இருப்பாரு, கூட்டம் நிக்கும். அவரு வர்றதுக்குள்ள மீன் கல்லுல ஏறிடும். அப்புறம் "சமைச்ச பிறகு கேன்சல் பண்ணிட்டான்"னு என் பேர்ல எழுதுவாங்க. கஸ்டமர் கேட்டது அடிச்ச ரெண்டாவது நிமிஷத்துல!

பிஓஎஸ்_அண்ணே

இதுக்கு வழி இருக்கு கேப்டன். கேக்கறதையும் ஒத்துக்கறதையும் பிரிச்சுடுங்க. கேப்டன் தட்டின உடனே கிச்சனுக்கு "நிறுத்து" சீட்டு போயிடணும், பாஸ்வேர்ட் இல்லாம. மாஸ்டர் அதுல ஏறலன்னா டிக், ஏறிடுச்சுன்னா பெருக்கல் போட்டு திருப்பி அனுப்புவாரு. பில்லுல இருந்து கழிக்கறதுக்கு மட்டும் மேனேஜர் பாஸ்வேர்ட், அது பில் அடிக்கறதுக்குள்ள எப்போ வேணா போடலாம். ஏறினதா ஏறலையாங்கறதை சொல்ல வேண்டியது மாஸ்டர், கேப்டன் இல்ல. கேப்டனே சொல்ற மாதிரி வெச்சீங்கன்னா எல்லாமே "ஏறல"ன்னு வரும், ஃப்ரீசர் எண்ணிக்கை அன்னைக்கே இடிக்கும்.

ஈரோடு_பில்லர்

அண்ணே இதெல்லாம் தனித்தனியா புரியுது. ஒரே கூட்டத்துக்கு மூணும் நடந்தா எப்படி ஓடும்னு ஒரு தடவை எழுதிக் காட்டுவீங்களா? நேத்து வந்ததையே சொல்றேன். மூணு பேர் 7-ல உக்காந்தாங்க, கேஓடி 141, மட்டன் பிரியாணி 2 (ஒண்ணு 280), சிக்கன் 65 ஒண்ணு (190). அப்புறம் மேல 21-க்கு போனாங்க. அங்க கேஓடி 146, வஞ்சிரம் வறுவல் 1 (320), பரோட்டா 6 (ஒண்ணு 25), பெப்பர் சிக்கன் 1 (210). வஞ்சிரம் லேட் ஆகுதுன்னு வேண்டாம்னுட்டாங்க, அது கல்லுல பாதி வெந்துடுச்சு. கடைசில மூணு பேருக்கும் சமமா தனித்தனி பில்.

பிஓஎஸ்_அண்ணே

சரி, செஷன் 812 னு வெச்சுக்கலாம். ஏசி ரேட் வித்தியாசத்தை இப்போதைக்கு விட்டுடுங்க, அது தனி சண்டை.

141 அடிக்கும்போது 812 டேபிள் 7-ல இருக்கு. ரெண்டு வரி விழுது, ரெண்டும் `NEW`. மேல போனதும் 812-ஓட டேபிள் 21 ஆகுது, கேஓடி வரில ஒண்ணும் மாறல, கிச்சனுக்கு "141: 7 இல்ல, 21" சீட்டு போகுது. 146-ல மூணு வரி `NEW`. வஞ்சிரம் வேண்டாம்னதும் நாலாவதா ஒரு வரி, qty -1, அதே 320 ரேட், `VOID_COOKED`, `ref_line`-ல வஞ்சிரம் வரியோட நம்பர், காரணம் "லேட்". இப்போ பில் எடுக்க இது போதும்:

```sql
SELECT item_id, rate, SUM(qty) AS n
FROM kot_line
WHERE session_id = 812
GROUP BY item_id, rate
HAVING SUM(qty) <> 0;
```

வஞ்சிரம் 1-ம் -1-ம் சேந்து பூஜ்யம், பில்லுலயே வராது. மிச்சம் 560 + 190 + 150 + 210, மொத்தம் 1,110 ரூபா. கிச்சன் கணக்குக்கு செஷனை பாக்காதீங்க, `NEW`-ம் `VOID_RAW`-ம் மட்டும் கூட்டுங்க, வஞ்சிரம் 1 னு வரும், ஃப்ரீசரோட ஒத்துப் போகும். ரெண்டுக்கும் நடுவுல நிக்கறது `VOID_COOKED` மட்டும் தான், அது தான் அன்னைக்கு வேஸ்டேஜ். ராத்திரி மாமா கேக்கற கேள்விக்கு பதில் அந்த லிஸ்ட்டுல பேரோட, நேரத்தோட, காரணத்தோட இருக்கும்.

இப்போ பில் பிரிக்கறது. இங்க தான் நிறைய சாஃப்ட்வேர் சொதப்பும். ரெண்டு பிரியாணியை மூணு பேருக்கு பிரிக்கணும், ஒவ்வொரு பில்லுலயும் 0.67 போடறாங்க. மூணு 0.67 கூட்டினா 2.01. ஒரு பில்லுல 0.67 × 280 = 187.60, மூணு பில்லுக்கு 562.80. ரெண்டு பிரியாணி விலை 560, கஸ்டமர்கிட்ட 2.80 அதிகமா வாங்கிட்டீங்க, ஸ்டாக்குலயும் 2.01 பிரியாணி போயிடுச்சு. குவான்டிட்டியை பிரிக்காதீங்க, தொகையை பிரிங்க. 560-ஐ 186.67, 186.67, மிச்சம் 186.66. சிக்கன் 65-ஐ 63.33, 63.33, மிச்சம் 63.34. எப்பவும் கடைசி பில்லுக்கு மீதியை தள்ளிடுங்க, ரவுண்ட் பண்ணி போடாதீங்க. பரோட்டா ஆளுக்கு 50, பெப்பர் சிக்கன் ஆளுக்கு 70. கூட்டிப் பாருங்க, மூணு பில்லும் சரியா 370.00.

கோவை_டெவ்

அண்ணே 370-க்கு 5% 18.50, மொத்தம் 388.50. ரவுண்ட் பண்ணா 389. மூணு பேர் 1,167. ஆனா ஒரே பில்லா போட்டா 1,110-க்கு வரி 55.50, 1,165.50, ரவுண்ட் பண்ணா 1,166. ஒரு ரூபா எங்க இருந்து வந்துச்சு?

பிஓஎஸ்_அண்ணே

கரெக்டா புடிச்சீங்க தம்பி. வரியில இருந்து வரல, மூணு பில் வரியை கூட்டினாலும் 55.50 தான். ரவுண்ட் ஆஃப் மூணு தடவை 50 பைசா ஏறினதால 1.50, ஒரே பில்லுல ஒரு தடவை 50 பைசா. அந்த வித்தியாசம் தான் ஒரு ரூபா. ரவுண்ட் ஆஃப்புக்கு தனி லெட்ஜர் வெச்சீங்கன்னா கணக்குல ஒரு இடியும் இருக்காது.

ஆனா அதைவிட முன்னாடி ஒரு கேள்வி கேக்கணும், பிரிக்கணும்னு கஸ்டமர் சொல்றப்போ அவருக்கு வேண்டியது மூணு பில்லா, மூணு பேமென்ட்டா? பாதிக்கு மேல பேமென்ட் தான் கேக்கறாங்க. ஒருத்தர் கேஷ், ஒருத்தர் ஜிபே, ஒருத்தர் கார்டு. அப்போ ஒரே பில் 1,166, அதுக்கு கீழ பேமென்ட் மூணு வரி, 389, 389, 388. பில் நம்பர் ஒண்ணு, ரவுண்ட் ஒண்ணு, பிரியாணி ரெண்டு பிரியாணியாவே இருக்கும். ஆபீஸ்ல காட்டணும்னு தனி பில் கேக்கறவங்களுக்கு மட்டும் மேல சொன்ன மாதிரி பிரிங்க. கேப்டன் திரைல ரெண்டையும் தனித்தனி பட்டனா வைங்க.

மாடி_கேப்டன்

இது எனக்கு ரொம்ப உதவும். எங்க மெஷின்ல ஒரே ஒரு பட்டன், தட்டினா மூணு பில் நம்பர் போயிடும், அப்புறம் "இல்லண்ணா ஒண்ணாவே போடுங்க"ம்பாங்க, மூணையும் கேன்சல் பண்ணி நாலாவதா ஒண்ணு அடிக்கணும்.

ஒரு சந்தேகம். அந்த வஞ்சிரம் வீணா போகணும்னு அவசியம் இல்லையே. பாதி நேரம் பக்கத்து டேபிள்ல யாராவது அதையே கேட்டிருப்பாங்க, அங்க கொடுத்துடுவோம். அப்போ என்ன பண்றது? நாங்க 21-ல கேன்சல் பண்ணிட்டு 15-க்கு புதுசா அடிப்போம்.

அடுப்படி

அப்படி அடிச்சா நான் இன்னொரு வஞ்சிரம் போட்டுடுவேன் கேப்டன். என் கைக்கு புதுசா சீட்டு வருதுல்ல. அது பழைய மீன் தான்னு எனக்கு எப்படி தெரியும்?

பிஓஎஸ்_அண்ணே

அதுக்கு தான் `MOVE`. 812-ல -1, 15-ல உக்காந்திருக்கற செஷன்ல +1, ரெண்டும் `MOVE`, ரெண்டும் முதல் வஞ்சிரம் வரியை கை காட்டும். கிச்சன் கணக்குல `MOVE` சேராது, அதனால வஞ்சிரம் ஒண்ணாவே இருக்கும். சீட்டுல "15-க்கு கொடு, சமைக்க வேண்டாம்" னு மட்டும் வரும். ஆனா இது தட்டுக்கு போகாம கிச்சனை விட்டு வெளிய வராத பொருளுக்கு மட்டும். ஒரு டேபிள்ல வெச்சுட்டு எடுத்த பொருளை இன்னொரு டேபிளுக்கு கொடுக்கவே கூடாது, அதுக்கு கணக்கு சொல்லித் தர மாட்டேன்.

ஜிஎஸ்டி_குரு

நான் கேட்டதுக்கு இன்னும் வரல. பில் அடிச்ச பிறகு கேன்சல்.

பிஓஎஸ்_அண்ணே

வர்றேன் சார். திருட்டு நடக்கற இடம் அது தான், அதனால கொஞ்சம் விரிவா சொல்றேன், ஓனருங்க தெரிஞ்சுக்கட்டும்.

ஒண்ணு, கஸ்டமர் கைல பில் கொடுத்தாச்சு, அவரு கேஷ் கொடுத்துட்டு போயாச்சு, அதுக்கப்புறம் கல்லால இருக்கறவர் பில்லை திறந்து ஒரு ஐட்டத்தை கழிச்சுட்டு அந்த காசை எடுத்துக்கறது. இதை கண்டுபிடிக்க கேன்சல் வரியோட நேரத்தையும் பில் அடிச்ச நேரத்தையும் பக்கத்துல வெச்சு பாருங்க. பில்லுக்கு அப்புறம் வந்த கேன்சல், அதுவும் எல்லாம் கேஷ் பில்லு, ஒரே ஆளோட லாகின், அப்படின்னா போய் பேசணும். பில் அடிச்சா செஷன் பூட்டிடணும், திறக்கணும்னா பழைய பில் கேன்சல்னு பதிவாகி புது நம்பர் விழணும்.

ரெண்டாவது டேபிள் ட்ரான்ஸ்ஃபர்ல நடக்கும், இது நிறைய பேருக்கு தெரியாது. 5-ம் டேபிள் ரெண்டு காபி சாப்பிட்டு கேஷ் கொடுத்துட்டு போயிடுவாங்க, செஷனை மூடாம அந்த காபியை 9-க்கு மாத்திடுவாங்க. 9-ல புதுசா வந்தவங்களும் ரெண்டு காபி கேட்டிருப்பாங்க, அதுக்கு கேஓடி அடிக்காம வாயால சொல்லி வாங்கிடுவாங்க. ஸ்டாக்குல காபித்தூளை யாரு எண்ணப் போறா? இதுல ஒரு இடத்துல மட்டும் மாட்டிக்குவாங்க. 9-ம் டேபிள்காரங்க உக்காந்த நேரம் 8:20, அவங்க பில்லுல இருக்கற காபியோட கேஓடி நேரம் 7:45. வர்றதுக்கு முன்னாடியே காபி ஆர்டர் கொடுக்க முடியாது. `MOVE` வரில பழைய வரியை கை காட்டறோம்ல, அதோட நேரம் புது செஷன் திறந்த நேரத்துக்கு முன்னாடி இருக்கான்னு தினம் ஒரு ரிப்போர்ட் எடுங்க. அதுல நியாயமானதும் வரும், மேல சொன்ன வஞ்சிரம் மாதிரி, ஆனா காபி, ஜூஸ், தோசை திரும்பத் திரும்ப வந்தா பாருங்க.

மாடி_கேப்டன்

அண்ணே ஒரு வேண்டுகோள். இந்த ரிப்போர்ட்டை வெச்சு எல்லா கேப்டனையும் திருடன் மாதிரி பாக்காதீங்கன்னு ஓனருங்களுக்கு சொல்லுங்க. கூட்ட நேரத்துல டேபிள் மாத்தறது எங்க வேலையே.

பிஓஎஸ்_அண்ணே

நியாயமான பேச்சு. இந்த வரியெல்லாம் இருந்தா தான் நேர்மையான கேப்டனை காப்பாத்தவும் முடியும். ஈரோட்டுத் தம்பி கேள்வியே அது தானே.

அடுப்படி

இன்னொண்ணு. சீட்டு நம்பர். எங்க கிச்சன்ல தந்தூர் தனி, சைனீஸ் தனி, இந்தியன் தனி, மூணு பிரின்டர். கேஓடி நம்பர் பொதுவா ஓடறதால எனக்கு 141, 144, 146 னு வரும். நடுவுல விட்டது வேற செக்ஷனுக்கு போச்சா, பேப்பர் தீந்து வராம போச்சான்னு தெரியாது. செக்ஷனுக்கு தனி வரிசை நம்பரும் சீட்டுல அடிச்சா ஒண்ணு விட்டாலே நானே கேட்டுடுவேன். பேப்பர் மாத்தின பிறகு திரும்ப அடிக்கறப்போ "மறுபடி அடிச்சது" னு மேல போடணும், இல்லேன்னா ரெண்டு தடவை சமைச்சுடுவோம்.

மெஸ்_அக்கா_திருச்சி

தம்பி எல்லாம் படிச்சேன். எங்க மெஸ்லயும் டோக்கன் வாங்கிட்டு மீன் தீந்துடுச்சுன்னு சொல்ல வேண்டி வருது, காசு திருப்பி கொடுக்கறோம், அதை எங்கயும் எழுதறதில்ல. அது எந்த வகைல வரும்?

பிஓஎஸ்_அண்ணே

அக்கா அது கேன்சல் தான், காரணம் "ஐட்டம் இல்ல". சமைக்கவே இல்ல, அதனால `VOID_RAW`. ஆனா அதை தனியா எண்ணுங்க, அது உங்க பையன் தப்பும் இல்ல கஸ்டமர் தப்பும் இல்ல. எந்த ஐட்டம் எத்தனை மணிக்கு தீருதுன்னு அதுலயே தெரிஞ்சுடும், அடுத்த நாள் எவ்வளவு மீன் வாங்கறதுன்னு முடிவு பண்ணலாம். டோக்கன் காசு வாங்கியாச்சுன்னா பில் ஆனது மாதிரி தான், அந்த டோக்கன் நம்பரையும் கேன்சல்னு எழுதி வைங்க.

ஈரோடு_பில்லர்

எல்லாருக்கும் நன்றிங்க. இன்னைக்கு காலைல உக்காந்து சீட்டையும் பில்லையும் ஒண்ணொண்ணா வெச்சு பாத்தேன். ரெண்டு வஞ்சிரத்துல ஒண்ணு மேல சொன்ன 146, சீட்டுல மாஸ்டரே பேனால "கல்லுல ஏறிடுச்சு"ன்னு எழுதி வெச்சிருக்காரு, அதை மாமாகிட்ட காட்டிட்டேன். இன்னொண்ணு 152-ம் நம்பர் சீட்டு, டேபிள் 15. சிஸ்டத்துல அந்த வரியே இல்ல, டெலீட் ஆகியிருக்கு, யாரு எப்போன்னு தெரியல. அது என்னன்னு இனிமே கண்டுபிடிக்க முடியாது. டெலீட்டை இன்னைக்கே எடுத்துட்டேன், நேரடியா போயும் வரியை அழிக்க முடியாத மாதிரி ட்ரிகர் போட்டாச்சு.

```sql
CREATE TRIGGER kot_no_delete BEFORE DELETE ON kot_line
BEGIN SELECT RAISE(ABORT, 'KOT delete not allowed'); END;
```

கோவை_டெவ்

அப்டேட்டுக்கும் இதே மாதிரி ஒண்ணு போடுங்க ப்ரோ, இல்லேன்னா qty-ஐ 0 ஆக்கிட்டு போயிடுவாங்க.

ஈரோடு_பில்லர்

போட்டுடறேன் ப்ரோ. ரெண்டு விஷயம் மட்டும் எங்க வீட்டுல இன்னும் முடியல. கீழ ஆர்டர் கொடுத்துட்டு மேல போனா மொத்தத்துக்கும் ஏசி ரேட் போடணும்ங்கறாரு மாமா. ரேட்டை வரியிலயே எழுதி வெச்சாச்சு, அதனால 141-க்கு கீழ் ரேட், 146-க்கு மேல் ரேட்னு தானா விழுது.

மாடி_கேப்டன்

எங்க கடைல அடிச்ச ரேட் தான். கீழ மெனு கார்டுல 280 னு பாத்து சொன்ன ஆளுகிட்ட 310 வாங்கினா பில் வந்ததும் சண்டை எனக்கு தான்.

ஜிஎஸ்டி_குரு

ஏசில உக்காந்து சாப்பிட்டா ஏசி ரேட், அதுல தப்பில்ல. மாத்தறதுக்கு முன்னாடி சொல்லிட்டா போதும்.

பிஓஎஸ்_அண்ணே

ரெண்டு விதமாவும் நடத்தற கடை பாத்திருக்கேன். எது வேணா வைங்க, ஆனா மேல கூட்டிட்டு போறதுக்கு முன்னாடி சொல்லுங்க. ரேட் மாத்தணும்னாலும் பழைய வரியை திருத்தாம `MOVE`-ல பழைய ரேட்டுக்கு -2, புது ரேட்டுக்கு +2 போடுங்க. ரெண்டாவது என்ன தம்பி?

ஈரோடு_பில்லர்

சமைச்ச பிறகு கேன்சல் ஆனதுக்கு கஸ்டமர்கிட்ட காசு வாங்கலாமாண்ணே? லேட் ஆனது எங்க தப்பு, அதுக்கு வாங்க முடியாது. ஆனா சும்மா மனசு மாறி வேண்டாம்னு சொல்றவங்களும் இருக்காங்க.

மெஸ்_அக்கா_திருச்சி

சாப்பிடாததுக்கு எப்படி தம்பி காசு கேப்ப? வாய் வருமா?

அடுப்படி

அக்கா, 320 ரூபா மீனை மசாலா தடவி கல்லுல போட்டாச்சு. யாராவது கொடுத்து தானே ஆகணும். எங்க கடைல மாச கடைசில அதை எங்க தலைல கட்டப் பாத்தாங்க, அன்னைக்கு தான் நான் சீட்டுல நேரம் எழுத ஆரம்பிச்சேன்.

மாடி_கேப்டன்

நாங்க பாதி வாங்கிப் பாத்தோம், கேட்ட ஆளு திரும்ப வரல. இப்போ ஆர்டர் எடுக்கும்போதே "வஞ்சிரம் 20 நிமிஷம் ஆகும் சார், பரவாயில்லையா"ன்னு கேட்டு தான் அடிக்கறோம். கேன்சல் குறைஞ்சிருக்கு. ஆனா அப்படியும் வர்றதுக்கு என்ன பண்றதுன்னு எங்க முதலாளியும் இன்னும் ஒரு முடிவுக்கு வரல.